வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

இரண்டாயிரம் வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் கரன்ட் போய்விடும். அதே ஒரு யூனிட்டில் சாதாரண சீலிங் ஃபேன் பதின்மூன்று மணி நேரம் சுற்றும். ஆனாலும் வீடுகளில் ஃபேனை நிறுத்தாமல் எழுந்து போன பிள்ளைக்குத்தான் திட்டு விழுகிறது. கீசரைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போன பெரியவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு இன்னொரு முனையும் உண்டு. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 501 முதல் 600 வரை யூனிட் 8 ரூபாய் 55 காசு. 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 70 காசு. ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. ஃபிரிட்ஜும் விளக்கும் ஃபேனும் எப்படியும் ஓடித்தான் ஆக வேண்டும். அவற்றின் மேல் கீசர் வந்து உட்காரும்போது, அது தின்னும் ஒவ்வொரு யூனிட்டும் பில்லின் உச்சிப் படியில் விழுகிறது. கீசரில் ஒரு யூனிட் மிச்சமானால் மிச்சமாவது சராசரி விலையல்ல, அந்த உச்சிப் படியின் விலை.

ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் என்ற பெட்டியை விற்பவர்கள் காட்டும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. 'கீசர் எடுக்கும் கரன்டில் மூன்றில் ஒரு பங்கு போதும்' என்கிறார்கள். கேட்டால் ஏமாற்று வேலைபோலத்தான் இருக்கும். ஆனால் பௌதிகம் அவர்கள் பக்கம் இருக்கிறது. பணக்கணக்கு அவர்கள் பக்கம் இருக்கிறதா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

கீசருக்குள் இருப்பது ஒரு காயில். கரன்ட் அதில் பாய்ந்து சூடாகிறது, அந்தச் சூடு தண்ணீருக்குப் போகிறது. உள்ளே போன கரன்ட் அத்தனையும் சூடாகிவிடுவதால், இந்த வேலையில் நஷ்டம் என்று ஏதுமில்லை. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு கிடைக்கும். எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்டார் என்று பார்த்தாலும் இதற்கு மேல் ஒரு துளிகூட எடுக்க முடியாது. நட்சத்திரங்கள் சொல்வதெல்லாம் சூடான தண்ணீர் டேங்கில் எவ்வளவு நேரம் ஆறாமல் நிற்கும் என்பதைத்தான்.

ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கும் இடத்திலிருந்து எடுத்து வந்து சேர்க்கிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கமோ பக்கவாட்டோ வெதுவெதுவென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்திருப்போம். உள்ளே வைத்த பாலிலும் காய்கறியிலும் இருந்த சூடுதான் அங்கே வெளியே வருகிறது. ஏ.சி.யின் வெளிப்பெட்டி அனல் காற்று ஊதுவதும் இதே கதைதான். ஃபிரிட்ஜில் நமக்கு வேண்டியது குளிர்ச்சி, சூடு கழிவு. ஹீட் பம்ப்பில் நமக்கு வேண்டியது அந்தச் சூடு, குளிர்ச்சிதான் கழிவு.

வெளியே இருக்கும் 25 டிகிரிக் காற்றிலிருந்து எடுத்த சூட்டை வைத்து 55 டிகிரி வெந்நீர் எப்படிப் போட முடியும்? தந்திரம் குழாய்க்குள் ஓடும் குளிர்பதன வாயுவில் இருக்கிறது. இந்திய வீடுகளுக்கு வரும் பல பெட்டிகளில் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும், குறைத்தால் இறங்கும். பெட்டியின் ஒரு பக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்து, அந்தத் திரவம் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் கொதிக்கும்படி வைக்கிறார்கள். அதைவிடச் சூடான வெளிக்காற்றை ஒரு ஃபேன் அதன் மேல் இழுத்து விடுகிறது. அடுப்பின் மேல் வைத்த பாத்திரம்போல, அந்தத் திரவத்துக்கு 25 டிகிரிக் காற்றே அடுப்பு. அது கொதித்து ஆவியாகிறது, காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

அடுத்து கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதுபோல, அமுங்கிய ஆவி தண்ணீரைவிடச் சூடாகிறது. தண்ணீர் டேங்கைச் சுற்றிச் செல்லும் குழாய்க்குள் அது மறுபடி திரவமாகி, காற்றிலிருந்து வாங்கிய சூட்டையும் கம்ப்ரஸர் சேர்த்த சூட்டையும் தண்ணீரில் இறக்கிவிடுகிறது. பிறகு ஒரு சின்ன வால்வின் வழியாக அழுத்தம் குறைந்து, மீண்டும் குளிர்ந்து, காற்றைத் தேடிப் போகிறது. மின்சாரம் செலவாவது கம்ப்ரஸருக்கும் ஒரு சிறு ஃபேனுக்கும் மட்டுமே. இருநூறு லிட்டர் பெட்டியில் அது ஏறக்குறைய 600 வாட். தண்ணீரில் இறங்கும் சூடோ 1,800, 2,000 வாட் அளவுக்கு இருக்கும். மீதி காற்றின் உபயம்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1852-லேயே கெல்வின் பிரபு இப்படிச் சூட்டை ஏற்றலாம் என்று எழுதிவிட்டார். வெந்நீருக்கென்றே இதை வீடு வீடாகக் கொண்டுபோன நாடு ஜப்பான். 2001-ல் அங்கே 'ஈகோக்யூட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பெட்டி 2018-க்குள் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. தொட்டி நிறையச் சூடுநீரில் தினமும் ஊறும் பழக்கம் உள்ள நாடு அது. வெந்நீர் அதிகம் செலவாகும் இடத்தில்தான் இந்தப் பெட்டிக்கு வேலை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு யூனிட் கரன்டுக்கு எத்தனை யூனிட் சூடு கிடைக்கிறது என்பதை சி.ஓ.பி. என்ற எண்ணால் சொல்கிறார்கள். கீசருக்கு அது 1. ஹீட் பம்ப் விளம்பரத்தில் 3.5, 4 என்றெல்லாம் இருக்கும். அது சோதனைக்கூடத்து எண். காற்று எவ்வளவு சூடு, தண்ணீரை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்ற இடைவெளியைப் பொறுத்து அது ஏறி இறங்கும். கிணற்றில் நீர்மட்டம் கீழே போகப் போக இறைப்பது கஷ்டமாவதுபோல, காற்றுக்கும் வெந்நீருக்கும் இடைவெளி கூடக் கூட கம்ப்ரஸருக்கு வேலை அதிகம். ஆகவே 65 டிகிரி வைப்பதைவிட 50, 55 டிகிரி வைப்பது சிக்கனம். விடியற்காலைக் குளிரில் ஓட்டுவதைவிட மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுவது சிக்கனம். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் புழுக்கமான காற்றும் இதற்குத் தோதுதான். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகும்போது கூடுதலாகச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு மனிதருக்குக் கசகசப்பாக இருக்கும் காற்று ஹீட் பம்ப்புக்கு விருந்து.

இனி ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஐந்து பேர் உள்ள வீடு, மூன்று குளியலறை, மூன்று கீசர். மார்கழி மாதம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விளாவிக் குளிக்கும் தண்ணீர் 40 டிகிரி. ஆளுக்கு 50 லிட்டர், அதாவது பெரிய பக்கெட்டில் மூன்று. ஐந்து பேருக்கு 250 லிட்டர்.

நூறு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 0.116 யூனிட் வேண்டும். 250 லிட்டரை 18 டிகிரி ஏற்ற 5.2 யூனிட். குளித்து முடித்த பிறகு மூன்று கீசரிலும் மிஞ்சி ஆறிப்போகும் தண்ணீருக்கு ஒரு முக்கால் யூனிட். ஆக, நாளொன்றுக்கு ஆறு யூனிட். இரண்டு மாதத்துக்கு 360.

ஹீட் பம்ப்பிலும் அதே 5.2 யூனிட் சூடு வேண்டும். அதோடு, 200 லிட்டர் டேங்க் இருபத்துநாலு மணி நேரமும் சூட்டோடு நிற்பதால் கசிவு சற்று அதிகம், அதற்கு 1.3 சேர்த்தால் 6.5. விளம்பரத்தின் 4-ஐ விட்டுவிட்டு 3.2 என்று அடக்கமாக வைத்து வகுத்தால், செலவு நாளுக்கு இரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு 120. மிச்சம் 240 யூனிட்.

அந்த வீட்டின் மொத்த ரீடிங் 960 என்றால், அது 720 ஆக இறங்கும். மேல்படியில் 160 யூனிட் தலா 10.70, அடுத்த படியில் 80 யூனிட் தலா 9.65. ஏறக்குறைய 2,480 ரூபாய் மிச்சம். இதே வீடு 500 யூனிட்டுக்குள் அடங்கும் வீடாக இருந்திருந்தால், மிச்சமாகும் யூனிட் அதேதான். ரூபாய் பாதிக்கும் கீழே போய்விடும்.

விற்பனையாளர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். வருஷத்துக்கு ஆறு பில், ஆறு முறை 2,480 என்று பெருக்கிக் காட்டுவார். ஆனால் கோவையில் சித்திரை மாதத்தில் யார் வெந்நீரில் குளிக்கிறார்கள்? வீட்டில் ஒரு பாட்டியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தால் உண்டு. தொட்டித் தண்ணீரே அந்த மாதங்களில் முப்பது டிகிரியைத் தொட்டுவிடும். குளிர்கால இரண்டு பில்லுக்கு 480 யூனிட், நடுத்தரமான மூன்று பில்லுக்குத் தலா 180, கோடைக்கு 60 என்று வைத்தால் வருஷத்துக்கு 1,080 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றால் பத்தாயிரத்துச் சொச்சம்.

இருநூறு லிட்டர் ஹீட் பம்ப், பொருத்தும் கூலியும் குழாய் வேலையும் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று கொண்டால், போட்ட பணம் திரும்பப் பதினொரு வருஷத்துக்கு மேல் ஆகும். பெட்டியின் ஆயுளே பத்திலிருந்து பதினைந்து வருஷம். ஓடிக்கொண்டிருக்கும் மூன்று நல்ல கீசரைக் கழற்றி எறிந்துவிட்டு இதை வாங்குவது, பணக்கணக்கில் மட்டும் பார்த்தால், நல்ல யோசனையில்லை. புது வீடு கட்டுகிறவருக்கு நிலைமை வேறு. மூன்று கீசரின் விலை, ஒவ்வொன்றுக்கும் தனித்தடிமன் வயர், பவர் சுவிட்ச் என்று முப்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும். மீதி ஒன்பது வருஷத்தில் வந்துவிடும். வீட்டில் எட்டுப் பேர், முதியவர்கள் இருவர், வருஷம் முழுக்க வெந்நீர் என்றால் காலம் இன்னும் சுருங்கும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் அந்தக் கணக்கு எந்நாளும் தேறாது.

உதகமண்டலத்துக்குப் போனால் மொத்தக் கணக்கும் புரண்டுவிடுகிறது. அங்கே வருஷம் பூராவும் தொட்டித் தண்ணீர் கையை வெட்டும். பதினைந்து டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நாற்பதுக்கு ஏற்ற 25 டிகிரி வேண்டும். அதே ஐந்து பேருக்கு, அதே 250 லிட்டருக்கு, கீசரில் நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்கு மேல். குளிர்ந்த காற்றில் ஹீட் பம்ப்பின் திறன் குறையும் என்பது உண்மை. அதை 2.6 என்று இறக்கி, டேங்கின் கசிவையும் கூட்டி வைத்தாலும் மூன்றரை யூனிட்டில் வேலை முடிகிறது. நாளுக்கு நாலே முக்கால் யூனிட் மிச்சம், அதுவும் 365 நாளும். வருஷத்துக்கு 1,700 யூனிட்டுக்கு மேல். 'குளிர் ஊரில் ஹீட் பம்ப் வேலை செய்யாது' என்று கேள்விப்பட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். திறன் குறைந்தாலும் தேவை அதைவிட வேகமாகக் கூடுவதால் லாபம் அங்கேதான் அதிகம்.

ஆனால் உதகையில் ஒரு நிபந்தனை உண்டு. ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி விழும் நேரத்தில் பெட்டியை ஓட்டினால் அதன் குழாயிலும் பனி படியும். அதை உருக்க இயந்திரம் அவ்வப்போது தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். டைமரைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்கு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. நல்ல காப்பு உள்ள டேங்கில் மதியம் போட்ட வெந்நீர் மறுநாள் காலைக் குளியலுக்குச் சில டிகிரிதான் இறங்கியிருக்கும். கொடைக்கானல், ஏற்காடு வீடுகளுக்கும் இது பொருந்தும். இருபது பேர் தங்கும் ஹோம்ஸ்டேக்களில் இதைவிடப் பல மடங்கு வெந்நீர் ஓடுவதால் போட்ட பணம் சீக்கிரமே திரும்பிவிடும்.

சரி, மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கும்போது இது எதற்கு? நியாயமான கேள்வி. சொந்த மாடியும் தடையில்லாத வெயிலும் உள்ள மதுரை, திருச்சி வீட்டுக்காரர் சோலாரைத்தான் வாங்க வேண்டும். அதன் விலை ஹீட் பம்ப்பில் பாதிகூட வராது. வெயில் நாளில் கரன்ட் செலவும் கிடையாது. ஹீட் பம்ப்பின் இடம், சோலார் தோற்கும் இடங்கள். நாற்பது குடும்பங்கள் பங்கு போடும் மாடியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும் மாடி, மாதக்கணக்கில் மூட்டம் போடும் மலையூர். இன்னொரு வகை வீடும் உண்டு: ஏற்கெனவே மாடி முழுக்க மின்சாரம் தரும் சோலார் பேனலை அடுக்கிவிட்டவர்கள். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் தரும். ஹீட் பம்ப்புக்கு அதில் பாதி போதும். கீசராக இருந்தால் ஒன்றரை கிலோவாட் அதற்கே போய்விடும். அதுவும் கீசர் ஓடுவது வெயில் வராத காலை ஆறு மணிக்கு.

வாங்குவதென்று முடிவானால், அடுத்த சிக்கல் எங்கே வைப்பது என்பது. இருநூறு லிட்டர் தண்ணீரும் பெட்டியுமாகச் சேர்ந்து முந்நூறு கிலோ வரை வரும். அடுக்குமாடியின் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் வைக்கும் முன் இன்ஜினீயர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது. அதைவிட அதிகம் பேர் செய்யும் தவறு வேறு: கதவு மூடிய சின்ன யுடிலிட்டி அறைக்குள் தள்ளிவிடுவது. பெட்டி காற்றிலிருந்து சூட்டை எடுத்து, குளிர்ந்த காற்றை அதே அறைக்குள் ஊதும். சற்று நேரத்தில் அறை குளிர்ந்துவிடும். பிறகு குளிர்ந்த காற்றிலிருந்தே சூட்டைப் பிழிய வேண்டியிருக்கும். திறந்த சர்வீஸ் பால்கனியோ, காற்று புகுந்து வெளியேறும் மாடிப்படி ஓரமோதான் அதற்கு இடம். சமையலறை பக்கத்தில் வைத்தால் வெளிவரும் குளிர்காற்றை உள்ளே திருப்பிக்கொள்ளலாம் என்று சிலர் யோசிப்பதுண்டு. நடக்கும்தான். ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே ஓடும் ஒரு சின்ன ஏ.சி.யளவுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஏ.சி. வெளிப்பெட்டி அளவுக்குச் சத்தம் வரும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். காற்றின் ஈரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீராக வடியும். அதற்கு ஒரு வடிகுழாய் வேண்டும். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும் என்பதால் மேல்பூச்சு உள்ள தகடா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் லாபத்தைத் தின்பது குழாய். முக்கால் இஞ்ச் குழாயில் ஒவ்வொரு மீட்டருக்கும் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடியில் டேங்க், கீழ்த்தளத்தில் குளியலறை, நடுவே இருபது மீட்டர் என்றால், ஒவ்வொரு முறையும் ஐந்து லிட்டர் ஆறிய தண்ணீர் கொட்டிய பிறகுதான் சூடு வரும். குளித்து முடித்ததும் ஐந்து லிட்டர் வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறும். ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் பரவாயில்லை. ஒருவர் ஆறு மணிக்கு, இன்னொருவர் எட்டு மணிக்கு என்றால் ஒவ்வொரு தடவையும் இந்த நஷ்டம். ஆகவே டேங்கைக் குளியலறைகளுக்கு நடுவில் வைத்து, சுவரை மூடும் முன்பே வெந்நீர்க் குழாய்களுக்கு நுரைக் காப்பு போட வேண்டும். தூரத்தில் தனியாக இருக்கும் சமையலறை சிங்குக்கு அதை இழுக்க வேண்டாம். அங்கே ஒரு மூன்று லிட்டர் கீசரே மேல்.

ஹீட் பம்ப் மெதுவான இயந்திரம் என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். இருநூறு லிட்டரை 24-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீசர்போலச் சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிஷத்தில் குளிக்கப் போக முடியாது. அதற்கு ஈடாகத்தான் பெரிய டேங்க். 55 டிகிரி வெந்நீர் இருநூறு லிட்டர் இருந்தால், அதில் உருப்படியாகக் கிடைக்கும் 170 லிட்டரை விளாவும்போது முந்நூறு லிட்டருக்குக் குளியல் தண்ணீர் தேறும். மேலே சொன்ன ஐந்து பேருக்கு அது தாராளம்.

பொங்கலுக்கு உறவினர்கள் வந்து பத்துப் பேராகிவிட்டால் தீர்ந்துவிடும். அதற்காகவே பெரும்பாலான பெட்டிகளில் சாதாரண கீசர் காயில் ஒன்றையும் உள்ளே வைத்திருப்பார்கள். இந்தக் காயில்தான் பல வீடுகளில் திருடன். விருந்தினர் வந்தபோது 'வேகமான' நிலைக்கு மாற்றியவர்கள் அவர்கள் போன பிறகு திருப்பி வைக்க மறந்துவிடுகிறார்கள். அல்லது குளிர்பதன வாயு கசிந்து கம்ப்ரஸர் பலமிழந்ததும் இயந்திரம் தானாகவே காயிலுக்கு மாறிக்கொள்கிறது. வெந்நீர் வழக்கம்போல வருகிறது, யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியது மாதக்கணக்கில் வெறும் கீசராக ஓடிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பெட்டி ஓடும்போது எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னால், கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் மூன்று ஆம்பியருக்குள் காட்டும். எட்டு, ஒன்பது என்று காட்டினால் காயில் வேலை செய்கிறது. மீட்டரும் வேண்டாம் என்றால் கையை நீட்டிப் பார்த்தாலே போதும். ஓடும் பெட்டியிலிருந்து வெளிவரும் காற்று, உள்ளே போகும் காற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்க வேண்டும். புழுக்க நாளில் வடிகுழாயில் தண்ணீர் சொட்ட வேண்டும். காற்றில் குளிர்ச்சியே இல்லை, வழக்கமாக மூன்றரை மணி நேரத்தில் முடியும் வேலை ஏழெட்டு மணி நேரம் இழுக்கிறது என்றால் வாயு குறைந்திருக்கிறது. கூப்பிட வேண்டியவர் பிளம்பர் அல்ல, ஏ.சி. வேலை தெரிந்த மெக்கானிக். உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும்.

போர்வெல் உப்புத் தண்ணீர் இன்னொரு பிரச்சினை. கீசர் காயிலில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்கள் இங்கேயும் பயப்படுவார்கள். டேங்கின் வெளிப்பக்கமாகச் சூட்டுக்குழாய் சுற்றியிருக்கும் வகையில் அந்தப் பயம் குறைவு. தண்ணீர் அந்தக் குழாயைத் தொடுவதே இல்லை. மேலும் ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரியில் உப்பு மெதுவாகத்தான் படியும். தண்ணீரைத் தகட்டுப் பின்னலுக்குள் ஓடவிட்டுச் சூடாக்கும் வகை வேறு. உப்புத் தண்ணீரில் அது அடைத்துக்கொள்ளும். எந்த வகையானாலும் டேங்குக்குள் ஆனோட் ராட் என்றொரு மக்னீசியக் கம்பி இருக்கும். டேங்கின் எஃகு அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைவது அதன் வேலை. உப்புத் தண்ணீர் ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். அந்தக் கம்பி கரைந்து தீர்ந்தது தெரியாமல் விட்டால், அடுத்துக் கரைவது டேங்க்.

சிக்கனம் என்று சூட்டை நாற்பத்தைந்துக்குக் கீழே இறக்கி வைப்பதும் கூடாது. வெதுவெதுப்பாக நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஷவரின் நீர்த்தூசி வழியாக நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியாவைக் கொடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை அறுபது டிகிரிக்கு ஏற்றிவிடும் வசதி நல்ல பெட்டிகளில் தானாகவே இருக்கும். அந்தக் காயிலுக்கு உள்ள நியாயமான வேலை அதுதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட் வெந்நீர் விளாவுகிறார்கள், கடைசி ஆறு இபி பில்லிலும் எத்தனை யூனிட். தினமும் இருநூறு லிட்டருக்கு மேல், வருஷத்தில் எட்டு மாதத்துக்குக் குறையாமல், பில்லில் அறுநூறு யூனிட்டுக்கு மேல் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், அதோடு மாடியில் சோலாருக்கும் இடமில்லை என்றால், ஹீட் பம்ப் உங்கள் வீட்டுக்கானது. மூன்றில் இரண்டு இல்லையென்றால் இருக்கிற கீசரின் சூட்டை ஐம்பதுக்குக் குறைத்து, குளிக்க இறங்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுக் குளியுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.